பைபோலார் உள்ளவரின் குடும்பத்துக்கு ஆறு அமர்வுகள்: நடத்தும் வரிசை, பேச வேண்டியவை, கொடுக்க வேண்டிய தாள்கள்

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், பைபோலார் நோயாளிகளின் வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்து நடத்தும் பயிற்சிக்கான வழிகாட்டி இது. புதிதாக வரும் சமூகப் பணியாளர்களும் செவிலியர்களும் இதை நடத்துவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே மூளைப் படத்தைக் காட்டி ரசாயனக் கணக்கு சொல்வார்கள். வந்தவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள். அதனால் இங்கே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பார்சிலோனாவில் வீட்டாருக்கென்றே வகுத்துச் சோதித்த திட்டம் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். டேவிட் மிக்லோவிட்ஸ் வகுத்த குடும்பச் சிகிச்சையில் ஒரு குடும்பத்துக்கு ஒன்பது மாதத்தில் 21 அமர்வுகள். நம் ஓபிக்கு வருகிறவர்களுக்கு ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஆறு அமர்வாகச் சுருக்கியிருக்கிறேன். சுருக்கும்போது நோய் பற்றிய விரிவுரையைக் குறைத்தேன். முன்னறிகுறித் தாளுக்கான நேரத்தைக் குறைக்கவில்லை.

1. கூப்பிடும் முன்

முதலில் நோயாளியின் சம்மதம் வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை நம் மீது சுமத்துகிறது. அம்மாவே ஆனாலும், மகனைக் கேட்காமல் அவன் கதையைப் பத்துப் பேர் நடுவில் பேச வைக்க முடியாது. நடைமுறையிலும் இது தேவை. தனக்குத் தெரியாமல் வீட்டார் கூட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்தால், அவர் முதலில் சந்தேகப்படுவது மாத்திரையைத்தான்.

நோயாளி ஓரளவு நிலைப்பட்ட பிறகே தொடங்குங்கள். மேனியா உச்சத்தில் இருக்கும்போது வீட்டார் மூன்று நாள் தூங்காமல் வந்திருப்பார்கள், எதுவும் மனதில் ஏறாது. அப்போது அவர்களுக்கு வேண்டியது ஆறாம் அமர்வின் நெருக்கடித் தாள் மட்டும். அதை அன்றே கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நான்கு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள்.

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுக் குடும்பம் போதும். வீட்டுக்கு இரண்டு பேர் வரலாம். அவர்களில் ஒருவர் நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவராக இருக்க வேண்டும். ஊரில் செல்வாக்குள்ள சித்தப்பாவை அனுப்புவார்கள். இரவில் தம்பி தூங்கினானா என்று அவருக்குத் தெரியாது.

மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டாரை இதே குழுவில் சேர்க்காதீர்கள். நோயின் போக்கே வேறு. பைபோலார் குடும்பத்தின் கேள்வி, "நல்லா இருக்கிறப்ப நல்லாத்தானே இருக்கான், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்பது. அந்தக் கேள்விக்கே பாதி நேரம் போகும்.

2. நாளும் அறையும்

மாத மாத்திரை வாங்க வரும் நாளிலேயே வையுங்கள். தனியாக ஒரு நாள் வைத்தால் மூன்றாம் அமர்வில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். மாத்திரைச் சீட்டை முன்கூட்டியே மருந்தகத்தில் கொடுத்து, அமர்வு முடிந்ததும் வரிசையில் நிற்காமல் வாங்கிப் போகும்படி ஏற்பாடு செய்தால் வருகை குறையாது. அமர்வுக்கு 90 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. இதற்காக அந்த மூன்று மாதம் மட்டும் மாத்திரையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதும்படி மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடத்த ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். எழுத ஆள் இல்லாவிட்டால் வீட்டார் சொல்லும் வார்த்தைகள் காற்றில் போய்விடும். பின்னால் தாள் எழுத அந்த வார்த்தைகள்தான் தேவை.

முதல் ஐந்து அமர்வுகளில் நோயாளி அறையில் வேண்டாம். அம்மாக்கள் மகன் முன்னால் அழமாட்டார்கள், உண்மையும் சொல்லமாட்டார்கள். கடைசி அமர்வில் நோயாளியும் வருவார். இதை இரு தரப்புக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3. முதல் அமர்வு: போன தடவை என்ன நடந்தது

பாடம் எதுவும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் கடைசியாக நோய் வந்த கதையைச் சொல்லட்டும். குடும்பத்துக்குப் பத்து நிமிடம். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "முதல்ல கவனிச்சது யாரு?", "அன்னிக்கு என்ன நினைச்சீங்க?"

"திமிருன்னு நினைச்சோம்", "கம்பெனியில யாரோ என்னமோ கொடுத்துட்டாங்கன்னு நினைச்சோம்", "செய்வினைன்னு பூசாரிகிட்டப் போனோம்" என்று வரும். எதையும் திருத்தாதீர்கள். முதல் நாளில் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொன்னால், கோவிலுக்குப் போவதை விடமாட்டார்கள். உங்களிடம் சொல்வதைத்தான் விடுவார்கள். கோவிலில் மந்திரித்த கயிறு கட்டுவதில் எனக்குத் தகராறு இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இரவு முழுக்கத் தூங்காமல் கோவிலில் உட்கார வைப்பது, பட்டினி போடுவது ஆகிய மூன்றும் மட்டும் கூடாது என்பதை மூன்றாம் அமர்வில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த அமர்வு முதலில் வருவதற்குக் காரணம், எட்டுக் கதையைக் கேட்கும்போது அவர்களே ஒற்றுமையைப் பிடித்துவிடுவார்கள். "எங்க வீட்லயும் இதேதான், ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி கழுவுவான்" என்று ஒருவர் சொன்னதும் அறையில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். தன் வீட்டில் நடந்தது ஒரு நோயின் போக்கு, குடும்பத்தின் சாபம் அல்ல என்பதை நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கினாலும் அந்தச் சிரிப்பு அளவுக்கு உள்ளே போகாது.

4. இரண்டாம் அமர்வு: நோய் எது, குணம் எது

இப்போது நோயை விளக்கலாம், முதல் அமர்வில் அவர்கள் சொன்ன சொற்களிலேயே. கரும்பலகையில் நடுவில் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே எழுச்சி, கீழே சோர்வு. ஒரு வாரமோ அதற்கு மேலோ தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் திட்டமும் கோபமும் பெருகி, வாழ்க்கை தடம் புரண்டால் அது மேனியா. நான்கு நாளாவது நீடித்து, வேலை கெடாத அளவில் லேசாக இருந்தால் ஹைப்போமேனியா. இரண்டு வாரம் மனமும் உடலும் இறங்கி, எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால் டிப்ரஷன்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். மேனியாவையே முழு நேரமும் பேசுவோம், காரணம் அதுதான் வீட்டை அலற வைக்கிறது. ஆனால் மேனியா அடங்கியதும் பலருக்குச் சோர்வு வரும். வீட்டார் அப்போதுதான் மூச்சு விட்டிருப்பார்கள். "சாந்தமாயிட்டான் சார், பேச்சே இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். தற்கொலை ஆபத்து அந்தப் பேச்சில்லாத வாரங்களில்தான் அதிகம். கோட்டின் கீழ்ப்பாதியையும் மேல்பாதி அளவுக்கே பெரிதாக வரையுங்கள்.

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். முதலாவது, பிள்ளைகளுக்கு வருமா? பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது நூற்றில் ஐந்திலிருந்து பத்து வரை ஆகலாம். அதாவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மட்டும் சொன்னால் பயமுறுத்தலாகவோ பொய்யாகவோ ஆகிவிடும்.

இரண்டாவது, "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுமா?" ஆகாது. கல்யாண வாரத்துத் தூக்கக் கெடுதலே நோயைக் கிளப்பிவிடலாம். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை, புது மனைவிக்குத் தெரியாமல் எங்கே வைத்து விழுங்குவது? திருமணம் கூடாது என்று சொல்ல நமக்கு வேலையில்லை. சொல்லிச் செய்யுங்கள், நிலைப்பட்டு ஒரு வருடமாவது ஆகட்டும் என்பது என் வழக்கமான பதில்.

அமர்வு முடியும்போது கொடுப்பது:

> தாள் 1: எங்கள் வீட்டில் இது எப்படி வரும்
> சாதாரணமாக இவர்: எத்தனை மணி நேரம் தூங்குவார்? ஒரு நாளில் எவ்வளவு பேசுவார்? வாரம் எவ்வளவு செலவு செய்வார்? எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார்?
> ஏறும்போது இவர்: (வீட்டார் சொற்களில் மூன்று வரி)
> இறங்கும்போது இவர்: (மூன்று வரி)

முதல் பகுதியை விட்டுவிடாதீர்கள். சாதாரண நாள் எப்படி என்று எழுதி வைக்காத வீட்டில், எல்லாமே அறிகுறியாகத் தெரியும்.

5. மூன்றாம் அமர்வு: மாத்திரை, குறிப்பாக லித்தியம்

மருத்துவரை இருபது நிமிடமாவது உள்ளே கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் பேசாமல், வீட்டார் உண்மையில் தவறு செய்யும் இடங்களில் நில்லுங்கள். லித்தியத்தில்தான் அது அதிகம். காரணம், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்போம், 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தெரியத் தொடங்கும். சிலருக்கு, வயதானவர்களுக்குக் குறிப்பாக, அதற்குக் கீழேயே தெரியலாம்.

ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9க்குப் போட்டவர் காலை 9க்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான். "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதுன்னு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு வந்தோம்" என்று வருவார்கள். இட்லியால் கெடுதல் இல்லை, மாத்திரையால் அளவு தவறாக ஏறிக் காட்டும். மருத்துவர் அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார், அடுத்த மாதம் நோய் திரும்பும். ஒரு நோயாளிக்கு இப்படியே நடந்ததைப் பார்த்த பிறகுதான் தாள் 2இல் முதல் வரியாக இதை வைத்தேன்.

அடுத்தது தண்ணீர். லித்தியம் எடுப்பவருக்குத் தாகமும் சிறுநீரும் அதிகமாகலாம். "சும்மா தண்ணி குடிச்சு எந்திரிச்சுக்கிட்டே இருக்கான்" என்று தண்ணீரைக் குறைக்க வைப்பார்கள். உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். சித்திரை வெயிலில் பாதயாத்திரை போவது, நோன்பு, வயிற்றுப்போக்கு, பிரஷருக்காகத் திடீரென்று உப்பில்லாச் சாப்பாடு எல்லாவற்றிலும் நடப்பது இதுதான்.

மூன்றாவது வலி மாத்திரை. முட்டி வலிக்குத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் லித்தியத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் அப்படியே. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும்.

> தாள் 2: லித்தியம் உள்ள வீடு
> ரத்தம் கொடுக்கும் நாள்: நேற்று இரவு மாத்திரை ___ மணி. இன்று ரத்தம் ___ மணி. காலை மாத்திரை பிறகுதான்.
> தண்ணீரைக் குறைக்காதே. உப்பைத் திடீரென்று குறைக்காதே.
> வலி மாத்திரை கேட்காமல் வாங்காதே. எந்த மருத்துவரிடம் போனாலும் "லித்தியம் சாப்பிடுகிறார்" என்று முதலில் சொல்.
> கை பெரிதாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, வாந்தி பேதி நிற்கவில்லை, குழப்பமாக இருக்கிறார்: அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வா.
> மற்றபடி நீயாக நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும்.

சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதை இதே தாளின் பின்பக்கத்தில் தேதிக் கட்டமாகப் போடுங்கள். வால்ப்ரோயேட் எடுக்கும் இளம்பெண் வீட்டில் இருந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள்: அது கருவுக்குக் கேடு, கர்ப்பத் திட்டத்துக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

6. நான்காம் அமர்வு: முன்னறிகுறித் தாள்

மற்ற எல்லாம் இதற்கான முன்னேற்பாடு. நேரம் போதாவிட்டால் இதை இரண்டு அமர்வாக்குங்கள். முறையை ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை, வயது 27, மூன்றாவது மேனியா. அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தான், திடீர்னு வந்துருச்சு" என்றார் அம்மா. எல்லா வீட்டிலும் முதல் பதில் இதுதான். "என்ன அறிகுறி பாத்தீங்க?" என்று கேட்டால் இதற்கு மேல் நகராது. அதனால் சேர்த்த நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள், நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொண்டு.

சேர்த்த அன்று பஸ் கண்டக்டரோடு அடிதடி. அதற்கு மூன்று நாள் முன்னால் பழைய காருக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ். ஆறு நாள் முன்னால் முதலாளியிடம் "நானே யூனிட் போடறேன்" என்று வேலையை விட்டது. எட்டு நாள் முன்னால் நள்ளிரவில் வண்டி கழுவியது. "அன்னிக்கு எத்தனை மணிக்குப் படுத்தான்?" என்று கேட்டதும் அக்கா நிமிர்ந்தார். "படுக்கவே இல்லீங்க சார். அதுக்கு முந்தி ரெண்டு நாளா ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்கூல் பசங்களுக்கெல்லாம் போன் போட்டுட்டு இருந்தான்." பதின்மூன்று நாள் முன்னால் மாமன் மகன் கல்யாணம், இரண்டு இரவு முழிப்பு; மாத்திரைப் பை வீட்டிலேயே மறந்து போனது.

திடீரென்று வந்ததாகச் சொன்னது பதின்மூன்று நாளாக நீண்டுவிட்டது. காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்து நாள் கையில் இருந்திருக்கிறது. அதை அந்த அம்மாவே தாளில் எண்ணிப் பார்க்க வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது.

அடுத்து, அதற்கு முந்தைய மேனியாவையும் இதேபோல் பின்னோக்கிக் கேளுங்கள். இரண்டிலும் வந்தவை மட்டுமே அறிகுறி. வண்டி கழுவியது ஒரே ஒரு தடவை, அதை அடித்தோம். தூக்கம் குறைந்தது, பழைய நண்பர்களுக்கு இரவுப் போன், வெள்ளைச் சட்டை போடுவது இந்த மூன்றும் இரு தடவையும் இருந்தன. பிறகு அந்தத் தம்பியிடம் தாளைக் காட்டினேன். "வெள்ளைச் சட்டை சும்மா போடறதுதான் சார், அதை எழுதாதீங்க. போன் உண்மைதான். இன்னொண்ணு அவங்களுக்குத் தெரியாது, சிகரெட் ரெண்டு பாக்கெட் ஆயிரும்" என்றார். சட்டையை எடுத்துவிட்டுச் சிகரெட்டைச் சேர்த்தோம். நோயாளி கைவைக்காத தாள் வீட்டில் உளவு அறிக்கையாகிவிடும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, "சந்தோஷமா இருப்பான்", "நிறையப் பேசுவான்" என்பதை அறிகுறியாக எழுத விடுவது. அப்புறம் அவன் சிரித்தாலே "மாத்திரை போட்டியா?" என்று கேட்பார்கள். இது கேலியல்ல, நோயாளிகள் என்னிடம் சொன்ன குறைகளில் இதுதான் முதலிடம். எண்ண முடிந்ததை, பார்க்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

எப்போது செயல்படுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி: இரண்டு அறிகுறி சேர்ந்து, இரண்டு நாள் தொடர்ந்தால் மஞ்சள். ஒன்று மட்டும் தெரிந்தால் கவனிக்க வேண்டும், வாய் திறக்க வேண்டாம். தூக்கத்துக்கு மட்டும் விலக்கு. இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் களைப்பில்லை என்றால் அது ஒன்றே போதும். இது என் அனுபவக் கணக்கு. மருத்துவரோடு பேசி ஒவ்வொருவருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

> தாள் 3: பச்சை, மஞ்சள், சிவப்பு (அந்த வீட்டுக்கு எழுதியது)
> பச்சை: 11 முதல் 6 வரை தூக்கம். சிகரெட் நாளுக்கு ஐந்தாறு. மாத்திரை இரவு 9.
> மஞ்சள்: தூக்கம் 5 மணி நேரத்துக்குக் கீழ், களைப்பில்லை. 10 மணிக்கு மேல் பழைய நண்பர்களுக்குப் போன். சிகரெட் இரண்டு பாக்கெட்.
> மஞ்சள் ஆனால்: அக்கா மட்டும் சொல்வார், "தம்பி, தாளை எடுக்கலாமா?" என்ற ஒரே வாக்கியத்தில். நைட் ஷிப்ட், காபி இரண்டும் நிறுத்தம். 9 மணிக்குப் போன் அக்காவிடம். இரண்டு நாளுக்குள் ஓபி. மாத்திரை மாற்றம் மருத்துவர் எழுதியபடி மட்டும்.
> சிவப்பு: தூக்கமே இல்லை, பெரிய பணம், அடிதடி, மாத்திரை மறுப்பு. அன்றே மருத்துவமனை (தாள் 4).
> சோர்வுப் பக்கம்: குளிப்பதை இரண்டு நாள் விடுதல், அக்கா குழந்தையைத் தூக்காமல் இருத்தல், "எனக்கு என்ன இருக்கு" என்ற பேச்சு.

சொல்லும் ஆள் யார், சொல்லும் வாக்கியம் எது என்பதை அந்தத் தம்பியே தேர்ந்தெடுத்தார். அம்மா சொன்னால் சண்டையாகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணம், திருவிழா, இரவுப் பயணம் வரும் மாதங்களை இந்தத் தாளின் ஓரத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் போகலாம். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரவு தங்க மண்டபத்துக்குப் பதில் ஒரு சொந்தக்காரர் வீட்டை ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும்.

7. ஐந்தாம் அமர்வு: பேச்சு

குறைகூறலும் பகையும் நிறைந்த வீட்டில் நோய் திரும்புவது அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இதை அப்படியே வீட்டாரிடம் சொல்லாதீர்கள். "என்னாலதான் வந்துச்சா?" என்று ஓர் அம்மா கேட்டுவிட்டால் அந்த அமர்வு அங்கேயே முடிந்தது. பேசும் திறனாக மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்கச் செய்வதுதான் முறை. "எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கற" என்பதை எடுத்துக்கொள்வோம். அதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. "பத்து மணிக்கு டீ போடறேன் கண்ணு, திண்ணைக்கு வா" என்பதில் ஒரு செயல், ஒரு நேரம் இருக்கிறது. டிப்ரஷனில் இருப்பவரால் அந்த அளவுக்குத்தான் எழ முடியும். ஐந்து தடவை சொல்ல வைத்தால் ஆறாவது தடவை குரல் மாறும்.

மேனியாவில் எதிர்வாதம் வேண்டாம். "உனக்கு ஏது காசு, நீயெல்லாம் கம்பெனி போடுவியா?" என்றால் அன்றே போய் வட்டிக்கு வாங்குவார். "நாளைக்கு அக்காவும் வரட்டும், உக்காந்து பேசலாம்" என்று தள்ளிப்போடுவது போதும்.

அதீதப் பாசத்தையும் குறையாக எண்ணும் அளவுகோல்கள் உண்டு. அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நம் ஊரில் முப்பது வயது மகனுக்கு அம்மா சோறு போட்டு உட்கார்ந்திருப்பது நோயல்ல. மகன் வெளியே போனால் தான் சாப்பிடாமல் இருப்பது, தன் பிரஷர் மாத்திரையை மறப்பது என்று வந்தால் மட்டும் பேசுங்கள், அதுவும் அம்மாவின் உடம்பைப் பற்றியே.

8. ஆறாம் அமர்வு: நெருக்கடித் தாள், நோயாளியோடு

நோயாளி அறைக்கு வருவது இன்றுதான். நலமாக இருக்கும்போது அவரே சம்மதித்த ஏற்பாடு, நோய் ஏறும்போது வீட்டார் செய்யும் பலவந்தமாகத் தெரியாது.

பணம் முதலில். ஏடிஎம் அட்டை மஞ்சளிலேயே யாரிடம் போகும், யுபிஐ தினசரி வரம்பை எவ்வளவுக்குக் குறைத்து வைப்பது, நகையும் வண்டிச் சாவியும் எங்கே இருக்கும் என்று பேசி எழுதுங்கள். பச்சைக்குத் திரும்பியதும் எல்லாம் அவர் கைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தேதியும் எழுதப்பட வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் இரண்டாம் முறை யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

அடுத்தது நியமனப் பிரதிநிதி. மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் பெயர் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, பதினெட்டு வயது நிறைந்த ஒருவரை அவர் நியமிக்கலாம். அனுமதிக்க வேண்டி வந்தால் அவர் சார்பில் பேசுபவர் அந்த ஆள். இதை அன்றே, அறையிலேயே எழுதிவிடுங்கள்.

தற்கொலை பற்றி நேராகக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?" கேட்டால் எண்ணம் விதைக்கப்படாது. "அப்படியெல்லாம் நினைக்க மாட்டேல்ல?" என்று கேட்டால் மட்டும் பொய் வரும்.

> தாள் 4: சிவப்பு நாள்
> ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் டப்பாவில். மீதி ___ இடம் பூட்டில். பூச்சிமருந்து வீட்டில் இல்லை, தோட்டத்து அறையில் பூட்டில்.
> சாவு பற்றிப் பேசினால் தனியாக விடாதே. அன்றே மருத்துவமனை.
> டெலி மானஸ் 14416 (இரவு பகல், தமிழில் பேசலாம்). ஆம்புலன்ஸ் 108.
> முதலில் கூப்பிட வேண்டியவர்: ___ இரண்டாவது: ___
> இப்போது சாப்பிடும் மாத்திரைகளும் அளவும்: ___
> அவர் விருப்பம்: யார் கூட வரலாம், யார் வரக் கூடாது: ___

கடைசி வரியைக் கிண்டலாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் பெரியப்பா வந்ததால்தான் ஒவ்வொரு தடவையும் அவரைக் கட்டிக் கொண்டுவரக் கயிறு தேவைப்பட்டது.

9. தாள் அச்சிடும்போது

ஒரு பக்கம், பெரிய எழுத்து, வீட்டார் சொன்ன சொல். "மனநிலை உயர்வு" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். "ஏறும்போது" என்றால் போதும். படிக்கத் தெரியாத வீட்டுக்கு நிறப் பட்டையும் கடிகாரப் படமும் போடுங்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளையைப் படிக்கச் சொல்லாதீர்கள். "பைபோலார்" என்ற சொல்லைத் தாள் 3இல் எழுத வேண்டாம். அது காலண்டருக்குப் பின்னால் தொங்கும், விருந்தாளி எடுத்துப் பார்ப்பார்.

நான்கு தாளையும் முதல் நாளே கட்டாகக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வெற்றுத் தாளைக் கொண்டுபோனவர்கள் வெற்றுத் தாளாகவே வைத்திருப்பார்கள். அறையில் உட்கார்ந்து நிரப்பியதை மட்டுமே வீட்டுக்கு அனுப்புங்கள்.

10. முடிந்த பிறகு

அறிவுச் சோதனை வைத்து மதிப்பெண் போட்டுப் பயிற்சி பலித்ததா என்று பார்க்காதீர்கள். அடுத்த ஒரு வருடத்தில், சிவப்பு ஆவதற்கு முன் மஞ்சளிலேயே ஓபிக்கு வந்த குடும்பம் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பார்சிலோனா ஆய்விலும் பலன் தெரிந்தது பெரும்பாலும் மேனியாப் பக்கம்தான். சோர்வு திரும்புவதை இந்தப் பயிற்சி அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. வீட்டாரிடம் இதையும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் டிப்ரஷன் வந்ததும் தாங்கள் ஏதோ தவறவிட்டதாக நினைப்பார்கள்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அரை மணி நேரம் கூப்பிட்டுத் தாள் 3ஐ மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். நோய் மறுபடி வந்திருந்தால் அன்றைக்கே பின்னோக்கி எண்ணி, வராத அறிகுறியை அடித்து வந்ததை எழுதுங்கள். அந்தத் திருப்பூர் வீட்டுத் தாளில் இரண்டாம் முறை சிகரெட் அடிபட்டது, அவர் விட்டிருந்தார். அதற்குப் பதில் அக்கா எழுதச் சொன்னது: "காலையில எனக்கு முந்தி எந்திரிச்சு வாசல் கூட்டறது."